சிப்பம் எங்கே உட்காரும்? மளிகைக் கடைக்கு மோட்டார் சைக்கிளா, ஸ்கூட்டரா

மளிகைக் கடைக்காரருக்கு மாதத்தின் முதல் பத்து நாளும் மீதி இருபது நாளும் வேறு வேறு தொழில். சம்பளம் வந்த கையோடு வீடுகளில் மாதச் சாமான் பட்டியல் எழுதுவார்கள். அரிசிச் சிப்பம், எண்ணெய் டின், பருப்பு, புளி, சோப்பு என்று ஒரு வீட்டுக்கே நாற்பது கிலோ சேர்ந்துவிடும். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு இரண்டு தேங்காய், அரைக் கிலோ ரவை, ஒரு பால் பாக்கெட் என்று வண்டி பாதி காலியாகத்தான் ஓடும். வண்டி வாங்கப் போகும்போது பலரும் இந்த இரண்டாவது காலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மைலேஜ் கேட்கிறார்கள். வண்டி அடிவாங்குவது முதல் பத்து நாளில்தான்.

இந்தக் கட்டுரை அப்படி ஒரு கடையைப் பற்றியது. கும்பகோணம் போன்ற ஒரு ஊர், குறுகிய தெருக்கள், கடையைச் சுற்றி மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் வாடிக்கையாளர்கள், நாளொன்றுக்கு 28 வீடுகள், மொத்த ஓட்டம் 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் நிற்கத் தக்கவை மூன்று வண்டிகள்: கேரியர் மாட்டிய 100 சிசி மோட்டார் சைக்கிள், வீட்டில் எல்லோரும் ஓட்டும் வழக்கமான ஸ்கூட்டர், எக்ஸ்எல் என்று நாம் சொல்லும் மொபெட். மூன்றாவதைப் பதிவுச் சான்றிதழ் எப்படி வகைப்படுத்தினாலும், பயன்பாட்டில் அதுதான் தமிழ்நாட்டின் சரக்கு ஸ்கூட்டர். ஆகவே ‘மோட்டார் சைக்கிளா, ஸ்கூட்டரா’ என்ற கேள்விக்கு இங்கே உண்மையான பொருள், காலை விசிறிப் போட்டு ஏறும் வண்டியா, காலை நுழைத்து ஏறும் வண்டியா என்பதுதான்.

முதலில் சுமையின் இடத்தைப் பார்ப்போம். மற்ற எல்லாம் அதிலிருந்து கிளைக்கிறது.

ஒரு சிப்பம் இன்று பல கடைகளில் 26 கிலோ. முன்பு 25 கிலோவாக இருந்தது. 2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் ஆலைக்காரர்கள் மூட்டையை ஒரு கிலோ கொழுக்க வைத்துவிட்டார்கள். வரிச் சட்டம் டெலிவரிப் பையனின் முதுகில் ஒரு கிலோ ஏற்றியது என்று சொன்னால் மிகையில்லை.

இந்த 26 கிலோவை மோட்டார் சைக்கிளின் பின் கேரியரில் வைக்கிறோம். கேரியரின் நடுப்பகுதி பின்சக்கர அச்சுக்கு ஏறக்குறைய ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர், பின்னால் இருக்கும். இரண்டு சக்கரங்களுக்கும் இடைத்தூரம் 124 சென்டிமீட்டர் அளவு. ஏற்றம் இறக்கம் விளையாட்டுப் பலகையின் கணக்குத்தான் இது. அச்சுக்குப் பின்னால் உட்காரும் சுமை முன்சக்கரத்தைத் தூக்கும். 26-ஐ 20-ஆல் பெருக்கி 124-ஆல் வகுத்தால் நான்கு கிலோவுக்குச் சற்று மேல். முன்சக்கரம் தரையை அழுத்தும் எடையில் அவ்வளவு குறைந்துவிடுகிறது. பின்சக்கரத்தின் மேல் 30 கிலோ கூடுகிறது. இரண்டு சிப்பம் வைத்தால் முன்னால் எட்டு கிலோ போய்விடும்.

அதே சிப்பத்தை எக்ஸ்எல் வண்டியின் கால் வைக்கும் தளத்தில் வைத்தால், அது பின் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால், ஓட்டுநரின் இரண்டு கால்களுக்கு நடுவில் இருக்கும். இப்போது முன்சக்கரம் பத்தரைக் கிலோவையும் பின்சக்கரம் பதினைந்தரைக் கிலோவையும் பகிர்ந்துகொள்கின்றன. முன்சக்கரம் லேசாவதற்குப் பதிலாகக் கனக்கிறது. உயரமும் வேறு. தளத்தில் உள்ள மூட்டை ஓட்டுநரின் முழங்காலையே தாண்டாது. கேரியரில் உள்ள மூட்டை இருக்கைக்கு மேலே, முதுகின் உயரத்தில் ஆடும்.

இந்த எண்கள் ஓட்டுபவரின் கைக்கு எப்படித் தெரியும்? பின்னால் மட்டும் பாரம் ஏற்றிய மோட்டார் சைக்கிளில் மெதுவாக ஒரு சந்தில் திரும்பும்போது ஹேண்டில் பஞ்சுபோல் லேசாக இருக்கும், வண்டி சொன்ன பக்கம் உடனே வராது. ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது அந்த லேசு இன்னும் கூடும். மழை நாளில் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும், ஏனென்றால் அதை அழுத்திப் பிடிக்க மேலே எடை இல்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிப்பத்தைக் கேரியரில் வைக்காமல், இருக்கையில் ஓட்டுநருக்கு ஒட்டினாற்போல் குறுக்கே போட்டால் அது அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலேயோ வந்துவிடும், முன்சக்கரம் தூக்காது. பழகியவர்கள் அப்படித்தான் போடுகிறார்கள். கேரியர் என்பது சிப்பத்துக்கான இடமே இல்லை. பஜாஜ் சிடி 110 எக்ஸ் வண்டியில் நிறுவனமே கேரியர் பொருத்திக் கொடுத்தபோது அதற்குச் சொன்ன சுமை 7 கிலோ. வெளியே வெல்டிங் பட்டறையில் செய்யும் கேரியர் இன்னும் தாங்கலாம். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும் சட்டத்தின் வால் பகுதியும் தாங்குமா என்பதே கேள்வி.

மோட்டார் சைக்கிளில் சுமைக்கு உண்மையிலேயே நல்ல இடம் ஒன்று உண்டு, அது இரண்டு பக்கங்கள். பால்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். இருபுறமும் கொக்கியில் தொங்கும் கேன்கள் இருக்கைக்குக் கீழே, அச்சுக்கு நெருக்கமாக, சமமாக இருக்கின்றன. மளிகைக்கு இது அவ்வளவு ஒத்துவராது. பால் கேன் இரண்டும் ஒரே அளவு. மளிகைப் பை ஒன்று பருப்பு, ஒன்று அப்பளம். முதல் மூன்று வீட்டில் இடப்பக்கப் பை காலியாகிவிட்டால் மீதி வழி முழுவதும் வண்டி வலப்பக்கம் இழுக்கும். அந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் சைலன்சரும் இருக்கிறது. பிளாஸ்டிக் சாக்கு அதில் பட்டால் உருகி, சர்க்கரை ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே வரும்.

காலை நுழைத்து ஏறும் வடிவம் டெலிவரிக்காகவே பிறந்தது என்பதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. 1958-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் வண்டியை வடிவமைத்தபோது, சோபா நூடுல்ஸ் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டும் கடைப் பையனால் ஓட்ட முடியவேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் கிளட்ச் பிடி இல்லாத தானியங்கிக் கிளட்ச், நடுவில் காலியான சட்டம், பெரிய சக்கரம். நம் ஊரில் 1972-இல் லூனா வந்தது. 1980-இல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தது. 2015-இல் அதன் வழிவந்த எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மாறியது. எஞ்சின் மாறினாலும், காலுக்கு நடுவில் மூட்டை வைக்கும் அந்த இடம் மட்டும் மாறவேயில்லை.

இனி, நாளின் கணக்கு.

30 கிலோமீட்டர் ஓட்டத்தில், நின்று நின்று போகும் சுமை வண்டிக்கு எக்ஸ்எல் லிட்டருக்கு 45, மோட்டார் சைக்கிள் 55, ஸ்கூட்டர் 40 கிலோமீட்டர் கொடுப்பதாகக் கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். நாள் ஒன்றுக்கு எக்ஸ்எல் 67 ரூபாய், மோட்டார் சைக்கிள் 55 ரூபாய், ஸ்கூட்டர் 75 ரூபாய். மோட்டார் சைக்கிள் எக்ஸ்எல்லைவிட நாளுக்குப் 12 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது, மாதம் 26 நாளுக்கு முந்நூற்றுச் சொச்சம். மைலேஜ் விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் இங்கேயே பேச்சை முடித்துக்கொள்வார்.

ஆனால் 28 முறை நிற்கவேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். பின்னால் சாமான் உயரமாகக் கட்டிய மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்குவதே ஒரு வேலை. காலைப் பின்பக்கமாக வீச முடியாது, மூட்டை இடிக்கும். ஆகவே வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முன்பக்கமாக டேங்கைத் தாண்டிக் காலை எடுக்கவேண்டும். நியூட்ரலுக்குக் கொண்டுவரவேண்டும். சைடு ஸ்டாண்டு போட்டால் பாரத்தோடு வண்டி மேலும் சாயும்; தார் உருகும் சித்திரை வெயிலில் ஸ்டாண்டு ரோட்டில் புதைந்து வண்டி படுத்துவிடும். பிறகு சைக்கிள் டியூப் கயிற்றை அவிழ்த்து, அந்த வீட்டுப் பையை உருவி, மறுபடி கட்டவேண்டும். மீண்டும் ஏற அதே வித்தை. ஒரு நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் கூடுதல் என்றால் 28 நிமிடம். காலை ஒன்பது மணிக்குள் டிபனுக்குச் சாமான் கேட்கும் தெருவில் அந்த அரை மணி நேரம் 12 ரூபாய்க்கு விலை போகிற பொருள் இல்லை.

எக்ஸ்எல்லில் காலைக் கீழே வைத்தால் இறங்கியாயிற்று. பை காலடியில், கயிறு தேவையில்லை. கியரும் கிளட்ச் பிடியும் இல்லாததால் கடை உதவியாளர் கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் வைத்திருந்தாலே போதும். மோட்டார் சைக்கிள் வாங்கினால் கியர் வண்டிக்கான உரிமம் உள்ளவர் மட்டுமே ஓட்டலாம். கடையில் அப்படி ஒருவர்தான் இருப்பார், அவரும் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருப்பார். எஞ்சின் 50 சிசி-க்கு மேற்பட்டது என்பதால் எக்ஸ்எல்லைப் பதினெட்டு வயது ஆகாத பையனிடம் கொடுக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் கொடுக்கிறார்கள். விபத்து என்று வந்தால் காப்பீடு கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

அப்படியானால் வழக்கமான ஸ்கூட்டர்? அதுவும் கியர் இல்லாத வண்டிதானே, தளமும் இருக்கிறதே என்று கேட்கலாம். தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. உள்ளே வேறு.

ஸ்கூட்டரின் தளம் வளைந்தும் குறுகியும் இருக்கும். சிப்பத்தைப் படுக்கப் போட்டால் பாதம் வைக்க இடமில்லாமல் கால்கள் வெளியே தொங்கும். நிறுத்தி வைத்தால் ஹேண்டில் மூட்டையில் இடிக்கும். வாங்கும் முன் ஒரு சிப்பத்தை வைத்து உட்கார்ந்து, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இருக்கைக்குக் கீழ் உள்ள பெட்டி கைக்குட்டைக்கும் மழைக்கோட்டுக்கும் உதவும். இருக்கைமேல் சரக்கு கட்டிவிட்டால் அதைத் திறக்கவே முடியாது.

பெரிய வேறுபாடு பின்பகுதியில் இருக்கிறது. ஸ்கூட்டரில் எஞ்சின், பெல்ட் பெட்டி, பின்சக்கரம் மூன்றும் ஒரே துண்டாகச் சேர்ந்து சட்டத்தில் ஒரு கீலில் தொங்குகின்றன. பல மாடல்களில் ஒரு பக்கம் மட்டும் ஒரே ஷாக் அப்சார்பர். பின்னால் ஏறும் பாரம் முழுவதும் அந்த ஒற்றை ஷாக் வழியாகவும், எஞ்சின் தொங்கும் ரப்பர் புஷ் வழியாகவும்தான் சட்டத்துக்குப் போகிறது. புஷ் தேய்ந்தால் வண்டி வளைவில் வாலை ஆட்டும். நேரே போகும்போதும் பின்பக்கம் ஏதோ நழுவுவதுபோல் தோன்றும். டயரில் காற்று குறைவு என்று நினைத்து நான்கு முறை காற்றடித்த பிறகுதான் பலர் மெக்கானிக்கிடம் போகிறார்கள். சக்கரம் 10 அல்லது 12 அங்குலம் என்பதால் பாதாளச் சாக்கடை மூடியின் பள்ளமும் அதற்குக் குழிதான். எக்ஸ்எல்லுக்கு 16 அங்குலம், மோட்டார் சைக்கிளுக்குப் பெரும்பாலும் 17, 18.

அடுத்தது பெல்ட். ஸ்கூட்டரில் சக்தி ரப்பர் பெல்ட் வழியாகப் போகிறது. பாரத்தோடு நூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்பும் ஓட்டத்தில் பெல்ட்டும் அதன் கிளட்சும் சூடாகிக்கொண்டே இருக்கும். ஆற நேரம் கிடைக்காது. கிளம்பும்போது ஒரு நடுக்கம், ஆக்ஸிலேட்டரைத் திருகியும் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுவது, மதியம் வண்டியை நிறுத்தும்போது கருகிய ரப்பர் வாடை, இவை முன்கூட்டியே வரும் அறிகுறிகள். அறுந்துவிட்டால் அந்த இடத்திலேயே நிற்கவேண்டியதுதான். பெட்டியைத் திறக்காமல் தெருவில் ஒன்றும் செய்ய முடியாது. எக்ஸ்எல்லிலும் மோட்டார் சைக்கிளிலும் செயின். அது தளர்ந்தால் தட்டும், காய்ந்தால் கத்தும், கழன்றால் தெருமுனை மெக்கானிக்கே மாட்டிவிடுவார்.

எக்ஸ்எல்லுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டே போகிறேன் என்று தோன்றக்கூடும். அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் 99.7 சிசி, சக்தி நான்கு குதிரைத் திறனுக்குச் சற்று மேல்; அதே அளவு எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிளில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒரே கியர். நிறுவனம் சொல்லும் சுமைத் திறன் 130 கிலோ. இந்த 130-இல் ஓட்டுபவரும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 65 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு சிப்பமும் ஒரு 15 கிலோ எண்ணெய் டின்னும் ஏற்றினால் கணக்கு 132. நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒரு நடை, எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டது. தெருவில் நான்கு மூட்டையோடு போகும் வண்டிகளைத் தினமும் பார்க்கிறோம். அவை போவது உண்மை, நிற்பது எப்படி என்பதுதான் கவலை. அதன் டிரம் பிரேக் சிறியது, டயர் மெலிந்தது. இறக்கத்தில் மோட்டார் சைக்கிளை இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினாலேயே பிடித்துவைக்கலாம். எக்ஸ்எல்லில் அந்த வசதி குறைவு, பிரேக்கை மட்டுமே நம்பவேண்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கடை வைத்திருப்பவருக்கு நான் இந்த வண்டியைச் சொல்லமாட்டேன்.

அதிகப் பாரம் எக்ஸ்எல்லை எங்கே தின்னும் என்றால், முதலில் பின்சக்கரக் கம்பிகளை. ஒரு கம்பி உடைந்தால் வண்டி ஓடும், யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கம்பிகள் அதன் வேலையையும் சுமந்து ஒவ்வொன்றாக உடையும். வாரம் ஒருமுறை சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ஒரு ஸ்பேனரால் கம்பிகளைத் தட்டிக்கொண்டே வந்தால், தளர்ந்தது மட்டும் மந்தமாக ஒலிக்கும். அடுத்தது கிளட்ச். பாரத்தோடு மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் இரைந்தும் வண்டி நகராமல் இருந்தால் கிளட்ச் கட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள்.

இவ்வளவு சொன்ன பிறகும் மோட்டார் சைக்கிள் வெல்லும் கடைகள் உண்டு. நிறுத்தங்கள் குறைந்து தூரம் கூடும்போது எல்லாக் கணக்கும் தலைகீழாகிறது. ஒன்றியத்துக்குள் பத்துப் பன்னிரண்டு ஊர்ப் பெட்டிக் கடைகளுக்கு முறுக்கு, மிக்சர், பிஸ்கட் போடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 90 கிலோமீட்டர், 12 நிறுத்தம். சரக்கு கனமில்லை, இடத்தைத்தான் அடைக்கும். அவருக்கு நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு வழிவிட்டு மறுபடி வேகமெடுக்கும் சக்தி வேண்டும், மண்ரோட்டில் பெரிய சக்கரம் வேண்டும், நான்கு லிட்டர் டேங்க் போதாது. நாளுக்கு 36 ரூபாய் பெட்ரோல் மிச்சமாகும். இறங்கி ஏறும் நேரம் 12 நிமிடம்தான் கூடும். ஒரு தோராய அளவுகோலாக, ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக இரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் காலை நுழைத்து ஏறும் வண்டி, ஐந்தைத் தாண்டினால் மோட்டார் சைக்கிள் என்று நான் பிரித்துக்கொள்வேன். நடுவில் இருப்பவர்கள் சரக்கின் எடையைப் பார்த்து முடிவுசெய்யலாம்.

மின்சார வண்டிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 2024-இல் வந்த இ-லூனா, எக்ஸ்எல்லின் அதே வடிவத்தில், 16 அங்குலச் சக்கரமும் 150 கிலோ சுமைத் திறனும் கொண்டது. மணிக்கு 50 கிலோமீட்டர் போகும். நம் உதாரணக் கடையின் 30 கிலோமீட்டருக்கு இது பொருந்தக்கூடிய வண்டி, இரவில் கடைக்குள்ளேயே சார்ஜ் போட இடம் இருந்தால். பதிவும் உரிமமும் வேண்டாத, 250 வாட் மோட்டாரும் 25 கிலோமீட்டர் வேகமும் கொண்ட ரகத்தைச் சரக்குக்கு வாங்கவேண்டாம். இரண்டு சிப்பத்தோடு மேம்பாலத்தின் பாதியில் அது நின்றுவிடும்.

பெட்டி பொருத்துவதற்கு 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் அளவு கொடுத்துவிட்டார்கள்: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பின் இருக்கையின் இடத்தில் பெட்டி வந்துவிட்டால் இரண்டாவது ஆள் உட்காரக் கூடாது. பட்டறைக்காரரிடம் இந்த எண்களை எழுதிக் கொடுப்பது நல்லது, இல்லாவிட்டால் அவர் கையிருப்புத் தகட்டின் அளவுக்கே பெட்டி வரும். சட்டத்தில் வெல்டிங் வைக்க அனுமதிக்காதீர்கள். சூடுபட்ட குழாய் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பின்னால் விரிசல் விடும்; போல்ட் போட்டு மாட்டும் தாங்கியாகக் கேளுங்கள்.

சிறு கடைக்காரர்கள் பெரும்பாலும் பழைய வண்டியைத்தான் வாங்குகிறார்கள், அதிலும் எக்ஸ்எல். விற்பவர் ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும் ஓட்டியது’ என்பார். தளத்தின் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வீட்டு வண்டியில் கீழே மண் இருக்கும், சாயம் இருக்கும். சரக்கு வண்டியில் தகடு நடுவில் குழிந்து, சாயம் தேய்ந்து பளபளப்பாக இருக்கும். சில சமயம் விளிம்பில் நாலைந்து அரிசியும் கிடக்கும். வண்டியின் பின்னால் பத்தடி தள்ளிக் குனிந்து, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு சிப்பத்தைக் கேட்டு வாங்கித் தளத்தில் வைத்து, ஊரில் இருக்கும் பெரிய மேம்பாலத்தில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு விலை பேசுங்கள்.